நகைச்சீட்டும் வாசல் வரை போன அத்தையும்

மருமவனே,

மஸ்கட்டிலிருந்து நீ அனுப்பின முதல் தவணை வந்துசேர்ந்தது. தங்கச்சி கல்யாணச் செயினுக்கு அதை நகைக்கடைச் சீட்டில் கட்டச் சொன்னாய். கட்டவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன். ஏழாங்கிளாஸோடு நின்றவன் எழுதுகிறேன், பொறுத்துப் படி.

முன்னே எங்கள் மகள் கல்யாணத்துக்கு உன் அத்தை செம்பூர்க் கடையில் இதே சீட்டுத்தான் போட்டாள். பதினோரு மாசம் கட்டினால் சேதாரம் இல்லையாம். சேர்ந்த அன்றே ஒரு ஸ்டீல் டப்பாவும் கொடுத்தார்கள். டப்பாவைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. சும்மா கொடுக்கிறவனைத் தாராவியில் யார் நம்புவார்கள்?

தவணை முடிந்து போனோம். எடையாக வரவு வைக்கிற சீட்டும் உண்டாம். நாங்கள் போட்டது ரூபாய்ச் சீட்டு. கட்டுகிற மாசமெல்லாம் தங்கம் ஏறிக்கொண்டே இருந்தது. எங்கள் பணம் மட்டும் ரொம்ப அடக்க ஒடுக்கமாக அங்கேயே உட்கார்ந்திருந்தது. எடுக்கிற அன்றைய ரேட்டுத்தான் கணக்கு.

உன் அத்தை பிளெயின் செயின் கேட்டாள். கவுண்டர் பையனும் நம்ம ஊர்ப்பக்கம்தான்.

"அக்கா, பதினாலு பர்சென்ட் வரைக்கும் சேதாரம் எங்க பொறுப்பு. இந்தச் செயினுக்கு எட்டுதான். மீதி ஆறு உங்களுக்கு வீணால்லா போவுது!"

எங்கள் நஷ்டத்துக்கு அவன் கண்ணில் தண்ணி வராத குறை. உடனே வேலைப்பாடு உள்ள ஆரத்தை எடுத்தான். அதற்குச் சேதாரம் இருபது. மேலே உள்ள ஆறு எங்கள் பொறுப்பு. கல்லுக்குத் தனி விலை. எல்லாத்துக்கும் சேர்த்து ஜி.எஸ்.டி.

"அப்ப எங்க துட்டத் திருப்பித் தாங்க."

"துட்டாத் தர முடியாதுக்கா. நகையாத்தான்."

உன் அத்தையின் வித்தை உனக்குத் தெரியும். மாஹிம் மார்க்கெட்டில் புடவையானாலும் மீனானாலும் விலை படியாவிட்டால் எழுந்து நடப்பாள். நாலு எட்டு வைப்பதற்குள் "பாபி, ஆஜாவோ" என்று திரும்பக் கூப்பிட்டு விலையைக் குறைப்பார்கள். அன்றைக்கும் எழுந்தாள். கண்ணாடிக் கதவு வரை போனாள். செருப்பைக்கூட மாட்டினாள்.

யாரும் கூப்பிடவில்லை.

எதற்குக் கூப்பிடணும்? காசுதான் பதினோரு மாசமாக அவன் பெட்டியில் இருக்கிறதே. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பையன் மரியாதையாக டீ வரவழைத்தான். அந்த டீ மட்டும்தான் எனக்குத் தெரிந்து ஓசி. ஆரத்தை எடுத்துக்கொண்டு, மேலே ஆன காசைக் கையிலிருந்து கட்டிவிட்டு வந்தோம்.

அதையே விற்கப் போனால் தங்கத்துக்குத்தான் விலை, சேதாரத்துக்கும் கல்லுக்கும் இல்லை. கடை நாளைக்கு ஷட்டரை இறக்கினால்? பாங்கில் போட்ட பணத்துக்கு இருக்கிற காப்பீடு இந்தச் சீட்டுக்குக் கிடையாது என்கிறார்கள்.

நீ சரி என்றால் நாளைக்கே உங்கம்மா பேரில் பாங்கில் மாசாமாசம் கட்டுகிற ஆர்.டி. போடுகிறேன். டப்பா கிடைக்காது, உங்கம்மா மூஞ்சியைத் தூக்குவாள், நான் வாங்கிக்கட்டிக்கொள்கிறேன். நேரம் வந்ததும் ஹால்மார்க் பார்த்து நாலு கடையில் கேட்போம். உன் அத்தையையும் கூட்டிப் போகிறேன்.

துட்டு நம்ம கையில் இருக்கும். அவள் எழுந்து நடக்கட்டும்.