படுத்து எடுத்த எக்ஸ்ரே

அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டியதும் எனக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் டாக்டராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இதய வால்வு சுருங்கினால் நுரையீரலின் மேல்பாதி ரத்தக்குழாய்கள் தடிக்கும் என்று பாடத்தில் படித்ததைக் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இதயமும் பெரிதாகத் தெரிந்தது.

படத்துக்குரியவள் இருபது வயதுப் பெண். பட்டு நெசவாளர் வீடு. கிருத்திகை விரதத்தோடு தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்திருக்கிறாள். மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்தபோது ஏதோ ஓர் இரைச்சல் கேட்டது. போதாதா? அவள் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

"இதயத்துல கோளாறு இருக்கு. இப்போ கல்யாணம் வேண்டாம். பிள்ளைப்பேறு உயிருக்கே ஆபத்து."

"ஐப்பசியில கல்யாணம்மா. பத்திரிகை அடிச்சாச்சு" என்றவர், மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல ஐயம்பேட்டைக்கு பஸ் ஏறிவிட்டார்.

மாலையில் எக்ஸ்ரே எடுப்பவர் எட்டிப் பார்த்தார். இருபது வருஷ சர்வீஸ்.

"டாக்டரம்மா, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருக்குது. நிக்க வச்சு எடுத்தா மேல இருக்கற குழாய் எல்லாம் நூலாட்டம் இருக்குது. படுக்க வச்சு எடுத்தா மேலயும் கீழயும் ஒரே தடிமன். ஏன்மா? தோ, இந்தப் பொண்ணு படத்துலகூட அப்படித்தான்."

"இது நின்னு எடுத்ததுதானே?"

"இல்லம்மா. மயக்கமா வந்திச்சேன்னு படுக்க வச்சேன். படுத்து எடுத்ததுன்னு படத்து ஓரத்துல எழுதற வெள்ளை மை தீந்து போச்சு, எழுதல."

அட கடவுளே! மை தீர்ந்தால் என்ன, வாயால் சொல்லக் கூடாதா என்று கத்தினேன். நானும்தான் கேட்கவில்லை. கோபம் ஆறியதும் அவர் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு தாளில் நுரையீரலை வரைந்தேன்.

"நுரையீரலுக்குப் போற ரத்தத்துக்கு அழுத்தம் கம்மிண்ணே. கையில பாக்கற அழுத்தத்துல ஆறுல ஒரு பங்குதான். நின்னா அது மேல ஏறத் திணறும், கீழே சேரும். உச்சியில குழாய்க்குள்ள இருக்கற ரத்தத்தைவிட சுத்தி நுரையீரல்ல இருக்கற காத்தோட அழுத்தம் ஜாஸ்தியானா, குழாய் நசுங்கிடும், ரத்தமே போகாது. நல்லா இருக்கறவங்களுக்கு அவ்வளவு தூரம் போகாது. அடிபட்டு ரத்தம் நிறைய வெளியே போயிட்டா அப்படி ஆகும்."

"நடுவுல?"

"உள்ளே வர்ற ரத்தம் காத்தை ஜெயிக்கும், வெளியே போற ரத்தம் தோத்துடும். அங்கே எவ்வளவு ஓடும்கறதை வர்ற ரத்தமும் காத்தும்தான் முடிவு பண்ணும். அடியில வர்ற ரத்தம், போற ரத்தம் ரெண்டோட அழுத்தமும் காத்தைவிட ஜாஸ்தி. குழாய் திறந்தே இருக்கும், நல்லா ஓடும்."

"படுத்துட்டா?"

"மேல் கீழ்னு இருந்த உயரமே போயிடுச்சே. உச்சிக்கும் சமமா ரத்தம் வரும். இதயமும் படுத்து எடுத்தா பெருசாத்தான் தெரியும்."

அவர் அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "அப்போ தலைகீழா நின்னா உச்சிக்குத்தான் ரத்தம் ஜாஸ்தி, இல்லம்மா?" ஆமாம் என்றேன். எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் காலை அந்தப் பெண்ணை நிற்க வைத்து எடுத்தோம். மேல் குழாய்கள் நூலாக, இதயம் அளவாக, எல்லாம் சரியாக இருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. ரத்தசோகை. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அந்த இரைச்சலுக்கும் அதுதான் காரணம். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது.

அவள் அப்பா மாப்பிள்ளையோடும் அவனுடைய அம்மாவோடும் வந்து நின்றார். இரண்டு படங்களையும் காட்டி என் தப்பைச் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா மசியவில்லை.

"நின்னா நல்லாக்கீது, படுத்தா நோவா? யாருக்கு காது குத்தறீங்கோ?"

"எல்லாருக்கும் இப்படித்தாம்மா."

"அப்போ எம் புள்ளையப் படுக்க வச்சு எடு. பாக்கலாம்."

எடுத்தோம். ஈரம் சொட்டச் சொட்ட அதை முந்தைய நாள் படத்தின் பக்கத்தில் பிடித்தேன். அந்த அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடப்பாவி, உனக்கும் அதே நோவாடா!" என்று மகன் முதுகில் ஒன்று வைத்துச் சிரித்தார். "கல்யாணம் அதே தேதியிலதான். பொண்ணே, நீ மாத்திரை ஒழுங்கா துன்னணும், சொல்லிட்டேன்."

அந்தப் பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் வெளியே போனதும் என்னிடம் வந்தாள்.

"அன்னைக்கு எக்ஸ்ரே ரூமுக்குப் போவறப்பவே எனக்கு மயக்கம் தெளிஞ்சிடுச்சு டாக்டரம்மா. நிக்கிறேன், நிக்கிறேன்னு சொல்லிக்கினுதான் இருந்தேன்."