தலைக்குள் ஊற்றும் திரவம்

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தோடு செல்போன் கதிர்வீச்சைச் சோதிக்கும் ஆய்வகத்தில் சேர்ந்த அன்று, பிளாஸ்டிக் தலைக்குள் எட்டிப் பார்த்த என்னைத் திரவக்கார அக்கா அதட்டினார். "தம்பி, வேர்வை உள்ள விழப்போவுது, தள்ளி நில்லு!" மூளையைப் போலவே போன் அலையை உறிஞ்சுவதற்காக, சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை அந்தத் தலையில் நிரப்புவது அவர் வேலை. போனை அதன் அருகே முழுச் சக்தியில் இயக்கி, ஒரு கிலோ திசுவுக்கு எத்தனை வாட் உறிஞ்சப்படும் என்று அளப்போம். வரம்பு 1.6; தாண்டினால் போன் தோல்வி.

ஒரு நாள் ஒரு போன் 1.66 காட்டியது.

"அப்ப இதுல பேசினா மண்ட வெந்துருமா?" என்றார் சோதனைக்குப் போன்களைக் கொண்டுவரும் ஓட்டுநர் அண்ணன்.

"வேகாதுண்ணே. சூடு கெடுதல் பண்ற அளவுக்கு ரொம்பக் கீழதான் வரம்பே வெச்சிருக்காங்க. புற்றுநோய் வருதுன்னும் இதுவரைக்கும் நிரூபணம் ஆகல, இன்னும் ஆராயுறாங்க" என்றேன்.

அக்கா மேசைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். காலையில் திரவத்தைச் சோதிக்காமல் முந்தைய நாள் அளவையே எழுதியிருந்தார். பிளாஸ்டிக் தலையின் மூடியும் இரவு முழுக்கத் திறந்தே கிடந்திருக்கிறது. நீர் ஆவியாகி உப்பு கூடினால் அலையை உறிஞ்சும் அளவும் கூடும். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் நல்ல போன் தோற்கும்.

மூன்றாவது நடையில் நேரே மேலாளர் அறைக்குள் போனார். "சார், தப்பு போன் மேல இல்ல, என் மேல."

"இத காலையிலயே சொல்லக் கூடாதா?"

"மூடி திறந்து கெடந்தத இப்பத்தான் பாத்தேன் சார்."

புதுத் திரவத்தில் 1.54 வந்தது. அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இப்போதும் அவர் அங்கேதான் திரவம் கலக்குகிறார்.