இருபது கேபிக்குக் கீழே

திசையன்விளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பேச்சிராஜுக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கைதான்: எதையும் குறைத்துவிட வேண்டும். ஒன்பது வருஷமாக ஊர்க்காரர்களின் போட்டோவையும் கையெழுத்தையும் குறைத்துக் குறைத்து இணையத்தில் ஏற்றியவர். சைஸ் பெரிசு என்று எந்த விண்ணப்பம் திரும்பினாலும் ஊர் அவரிடம்தான் வரும். அதில் மனிதருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அன்று ஒரு அரசு லேப் உதவியாளர் வேலைக்குக் கடைசி நாள். மாலை ஐந்தே முக்காலுக்குத் தளம் மூடிவிடும். இசக்கிச்செல்வி நாலரைக்கே வந்து உட்கார்ந்தாள். அடுத்த தடவை விண்ணப்பிக்க அவளுக்கு வயது தாண்டிவிடும். எல்லாம் நிரப்பியாகிவிட்டது, போட்டோ மட்டும்தான் பாக்கி. போனில் எடுத்த நாலு எம்பி படம். பேச்சிராஜ் வழக்கம்போல ஒரே அமுக்கில் பதினைந்து கேபி ஆக்கினார். சிவப்பு எழுத்து வந்தது: ‘கோப்பின் அளவு சரியில்லை.’

“இன்னும் பெரிசா இருக்கும்மா” என்று ஒன்பதாக்கினார். அப்புறம் ஆறு. வானம் மூட்டம் போட்டால் அந்தக் கடையில் நெட் படுத்துவிடும்; அன்றும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் திரையில் வட்டம் பத்து நிமிஷம் சுற்றியது. ஆறு கேபியில் இசக்கிச்செல்விக்கு மூக்கு இருந்த அடையாளமே இல்லை.

“சைட்டு கோளாறும்மா. காலையில இதே வேலைக்கு வந்த நாங்குநேரி கெசியாவையும் இப்படித்தான் திருப்பி அனுப்பினேன்.”

மணி ஐந்து இருபது. எழுந்து போக மனசில்லாமல் அவள் திரையின் அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

“அண்ணாச்சி, இருபது கேபியில இருந்து அம்பதுக்குள்ளன்னுல்லா போட்டிருக்கு?”

பேச்சிராஜ் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். மறுபடியும் துடைத்தார். படம் சிறிதாக இருப்பதும் குற்றம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பழைய படத்தைத் திரும்ப எடுத்து முப்பத்தைந்தில் நிறுத்தினார். தன் போனிலிருந்து நெட் கொடுத்தார். ஏறிவிட்டது. ஐந்து முப்பத்தைந்துக்கு விண்ணப்ப எண் வந்ததும் இசக்கிச்செல்வி அழுதுவிட்டாள்.

பேச்சிராஜ் அதைப் பார்க்கவில்லை. கெசியாவைப் போனில் பிடித்தார். அவள் படம் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. உள்ளே நுழைய ஓடிபி மட்டும் வேண்டும். அது அவள் போனுக்கு வந்து சேர நாலு நிமிஷம் ஆயிற்று. படத்தை முப்பத்தைந்தாக்கி ஏற்றினார். கடைசி நேர நெரிசலில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திரை சொன்னது: ‘விண்ணப்பிக்கும் நேரம் முடிந்தது.’

“சைட்டு கோளாறா அண்ணாச்சி?” போனில் கெசியா கேட்டாள்.

ஆமாம் என்று வாய் வரை வந்துவிட்டது. இசக்கிச்செல்வி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா. சைட்டு காலையிலயே சரியாத்தான் இருந்துச்சி. நாந்தான் படிக்கல.”