மெசேஜில் விடுபட்ட கட்டம்

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் கழிவறை கழுவும் பெண்களில் நான்தான் மூத்தவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்; படம் ஒன்றைப் பார்த்தால் மறக்க மாட்டேன். அன்று காலை பாதுகாப்பு வகுப்பில் திரையில் காட்டிய படத்தில், பிளீச்சிங்கும் நீல வாளியும் ஒரே கட்டத்தில் இருந்தன. ஆசிட் வேறு கட்டம். அதிலிருந்து வெளி ஷெட்டுக்கு அம்பு. உச்சியில் பெரிய சிவப்பு எழுத்தில், 'சேர்க்காதே, விஷவாயு'.

வகுப்புக்கு வராத பகல் ஷிப்ட் பெண்களுக்கு அனுப்ப, சூப்பர்வைசர் பெண் அதைப் போனில் மெசேஜாக எழுதிப் படித்தாள்: "ஆசிட், பிளீச்சிங், நீல வாளி, வெளி ஷெட். சேர்க்காதே, விஷவாயு."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இன்னா மேடம், எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிட்டே? கட்டம் எங்க?"

"மெசேஜ்ல கட்டம் எப்படி ஆயா போடறது? வார்த்த எல்லாம் வந்துடுச்சே."

"கட்டம் வாணாம். அது இன்னா சொல்லுதோ அத எழுது. அவங்க வந்துகினு இருக்காங்க."

நான் சொல்லச் சொல்ல அவள் மாற்றினாள்: "ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் சேர்த்தால் விஷவாயு வரும், சேர்க்கவே கூடாது. ஆசிட்டை வெளி ஷெட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாக வையுங்கள். நீல வாளி பிளீச்சிங்குக்கு மட்டும்."

"விஷவாயு ஏன் ஆயா முதல்ல?"

"அதானே பெருசா இருந்திச்சி."

மெசேஜ் போன பிறகு, கேட்டில் முதலில் வந்தவளை நிறுத்தி, ஆசிட் எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். "ஷெட்டுக்கு, தனியா" என்றாள். இருந்தாலும் அவள் பின்னாலேயே நானும் போனேன்.