இரண்டு கட்டங்களும் என் பிழை திருத்தமும்

என்னைப் போன்ற ஒருத்தி எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் படிவத்தோடு என் படிப்பு முடிந்தது. சிங்கப்பூருக்கு வடக்கே, பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் யோங் பெங் ஊரில் ஓர் அச்சகத்தில் இருபது வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். அடுத்தவர் பெயரில் நிறைய எழுதியிருக்கிறேன். என் பெயரில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது தாளை நீட்டி, "கொஞ்சம் பிழை பாத்துக் குடுங்கக்கா" என்றால், மாற்றி எழுதித் தாருங்கள் என்று பொருள். அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. கல்யாண வாழ்த்து, பதினாறாம் நாள் அறிவிப்பு, கோயில் மலரில் வரும் தலைவர் உரை எல்லாம் அப்படித்தான். தலைவர் மேடையில் வாசிப்பார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எங்காவது தடுக்கிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருப்பேன்.

சென்ற ஆண்டு ஊர் வாசகர் வட்டம் ஒரு நூல் போட முடிவு செய்தது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் தங்கள் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும். கட்டுரையோடு ஒரு படிவம். அதன் அடியில், 'இதை எழுதியது' என்று போட்டு, 'மனிதர்', 'இயந்திரம்' என்று இரண்டு கட்டங்கள். கேட்டால் கட்டுரை எழுதித் தரும் செயலிகள் வந்துவிட்டதால் இந்தக் கேள்வி.

பக்கத்து ஊரான சாஆவைச் சேர்ந்த ஒரு பெண் எழுத விரும்பினார். வாரம் முழுவதும் எல்லைக்குப் பக்கத்தில் கெலாங் பாத்தாவில் அறை எடுத்துத் தங்கி, மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டித் தொழிற்சாலைக்குப் போகிறவர். முன்பெல்லாம் வண்டியின் பின்னால் அவர் தங்கையும் உட்கார்ந்து போவாள். தங்கை காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவளுக்குப் பத்து வயதில் ஒரு மகள். "அவ படிச்சு அம்மாவத் தெரிஞ்சுக்கணும்கா. புக்குல வந்தா பத்திரமா இருக்கும். எனக்கு எழுத வராது, பேசி அனுப்புறேன், பிழை பாத்துக் குடுங்க" என்றார். குடியேற்றச் சோதனையில் வரிசை நகராமல் நிற்கும்போதெல்லாம் பேசி, பதினொரு குரல் பதிவுகள் அனுப்பினார். நான் கேட்டுக் கேட்டு நான்கு பக்கம் எழுதினேன்.

இங்கே என் தவறைச் சொல்ல வேண்டும். என் கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது. நல்ல வாக்கியங்களை அதில் சேர்த்து வைத்திருப்பேன். அந்த நூலுக்காக என்னிடம் வேறு இரண்டு பேரும் பிழை பார்க்கக் கொடுத்திருந்தார்கள். அவசரத்தில் மூன்று கட்டுரைகளிலும் அந்தக் கோப்பிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வட்டத்தின் செயலாளர் அழைத்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியை, என்னைவிட இளையவர்.

"அக்கா, மெஷின் எழுதினதான்னு பாக்குற ஒரு கருவில எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன், மூணு கட்டுரை சிவப்பா வருது. மெஷின் எழுதினதுன்னு காட்டுது. மூணுலயும் ஒரே வரி வேற இருக்கு. எழுதுனவங்கள நாளைக்கு வரச் சொல்லிருக்கோம். டைப் பண்ணது நீங்கதானே, வாங்களேன்."

"எந்த வரி?"

"'விடியலுக்கு முன் விழித்தெழும் உழைக்கும் கரங்கள்.'"

என் கோப்பில் இருக்கும் வரி அது. நான்தான் எழுதினேன் என்று சொன்னால், அந்தப் பெண் எழுதவில்லை என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால், இயந்திரத்தை வைத்து ஏமாற்றினார் என்று ஆகிவிடும். எப்படிப் பார்த்தாலும் தங்கையின் கதை நூலில் வராது.

மறுநாள் மதியம் கோயில் மண்டபத்தின் பக்கத்து அறையில் கூடினோம். மற்ற இரண்டு பேரும் வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. வட்டத்தின் தலைவர், ஆசிரியை, குழுவில் இருக்கும், இன்சூரன்ஸ் விற்கும் காப்புறுதி முகவர் ஒருவர், அந்தப் பெண், நான்.

"இப்பல்லாம் ரோபோட்டும் பாஸ்போர்ட் எடுத்துப் பாலம் தாண்டுது போல" என்றார் முகவர். முன்பு அவரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர்தான், அவர் கட்டுரையும் நூலில் உண்டு. கருவியில் அது பச்சையாக, மனிதர் எழுதியதாக வந்திருந்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "மெஷின்லாம் நான் தொடலங்க. நான்தான் எழுதினேன்" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது.

ஆசிரியை கட்டுரையை அவர் பக்கம் தள்ளினார். "சரிக்கா. ரெண்டாவது பாராவக் கொஞ்சம் வாசிங்க."

அவர் விரல் வைத்து வாசித்தார். என் வரி வந்தது. 'விழித்தெழும்' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"அது என் வரி" என்றேன். கோப்பைப் பற்றியும், பிழை பார்ப்பது என்றால் என்ன என்பதையும் சொன்னேன்.

"அலமாக்" என்று தலையில் கை வைத்தார் தலைவர். அவருடைய உரைகளும் என்னிடம்தான் வரும்.

ஆசிரியை கட்டுரையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அதான் சிவப்பா வந்திருக்கும்" என்றார். அடுத்து என்ன சொல் வரும் என்று எளிதாக ஊகிக்க முடிகிற எழுத்தாக இருந்தால் இயந்திரம் என்று அந்தக் கருவி சந்தேகப்படுமாம். பழகிப்போன சொற்களாகப் பார்த்து வழுவழுவென்று எழுதினால் மனிதர் எழுத்தும் அதில் மாட்டுமாம். "தமிழ் அதுக்கு ரொம்பப் பழக்கமில்ல. நான்தான் அத அப்படியே நம்பிட்டேன்" என்றார்.

"அப்ப என்னோடது எப்படிப் பச்சையா வந்துச்சு?" என்றார் முகவர்.

"ஏன், என்ன செஞ்சீங்க?" என்றார் ஆசிரியை.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "போன்ல இருக்கிற மெஷின்கிட்ட விஷயத்தச் சொன்னேன், அது எழுதிக் குடுத்துச்சு. புடிக்கல. ஒரு வாரம் உக்காந்து வெட்டி ஒட்டுனேன். எது அதோடது, எது என்னோடதுன்னு இப்ப எனக்கே தெரியல லா."

"ரோபோட்டுன்னு சொன்னது யாரு?" என்றார் தலைவர். முகவர் தேநீரை எடுத்துக்கொண்டார்.

"சரி, இந்த அம்மா கட்டுரைய எந்தக் கட்டத்துல போடுறது? நாளைக்குப் பத்து மணிக்கு அச்சுக்குப் போகணும்" என்று தலைவரே தொடர்ந்தார்.

நான் படிவத்தின் இரண்டு கட்டங்களையும் பார்த்தேன். இயந்திரம் என்று போட்டால் பொய். மனிதர் என்று போட்டால், எந்த மனிதர்? வாழ்ந்து பேசியவர் ஒருத்தி, எழுதியவள் இன்னொருத்தி. முகவரின் கட்டுரையைப் பச்சை என்று சொன்ன கருவிக்கு அந்த ஒரு வாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"அவங்க பேசினத கேக்கலாமா?" என்றார் ஆசிரியை. அந்தப் பெண் தலையசைத்தார். என் தொலைபேசியை மேசையில் வைத்தேன்.

நான்காவது பதிவு. பின்னால் மோட்டார்களின் இரைச்சல். "தங்கச்சி குட்டை. மழைச் சட்டைல கையை மடிச்சுதான் போடுவா. இப்ப அந்தச் சட்டைய நான் போடுறேன். எனக்குக் கை பத்தாம மணிக்கட்டெல்லாம் நனையுது. ஆனா அவ மடிச்ச மடிப்ப நான் பிரிக்கல."

"இது கட்டுரைல எங்க?" என்றார் ஆசிரியை.

அந்த இடத்தில் நான், 'அவள் நினைவு என் நெஞ்சை விட்டு என்றும் நீங்காது' என்று எழுதியிருந்தேன். கோப்பிலிருந்து எடுத்தது. மழைச் சட்டை சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன். அந்த வரியை விரலால் காட்டினேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத சேர்க்க முடியுமாக்கா?" என்று கேட்டார்.

"சேத்துட்டுக் காலைல அனுப்புங்க" என்றார் தலைவர். "கட்டத்தப் பத்தி நான் குழுவுல பேசுறேன்." என்ன பேசுவார் என்று அவர் சொல்லவில்லை.

நூல் எங்களிடம்தான் அச்சாகிறது; மறுநாள் ஞாயிறு என்பதால் காலை நானே அச்சகத்தைத் திறந்து, மழைச் சட்டையைச் சேர்த்துக் கட்டுரையை அனுப்பினேன். பத்து மணிக்கு வட்டத்திலிருந்து நூலின் கோப்பு வந்தது. அந்தக் கட்டுரை அதில் இருந்தது, மழைச் சட்டையும் இருந்தது. தலைப்பின் கீழ் 'சொன்னவர்' என்று அவர் பெயரும், 'எழுதியவர்' என்று என் பெயரும் போட்டிருந்தார்கள். கூடவே வந்த அவர் படிவத்தில் இரண்டு கட்டங்களும் காலியாக இருந்தன. கூட்டத்துக்கு வராத மற்ற இரண்டு பேரின் கட்டுரைகளும் நூலில் இல்லை.