தோளில் இரண்டு பட்டன்

எங்கள் கடையில் பிள்ளைகளின் பண்டிகை உடைகளைப் பற்றி இணையத்தில் எழுதிப் போடுபவளுக்கு 'உரசல்' என்று பெயர் வைத்தது நான்தான். அடுத்த மேஜையில் பார்சல் கட்டுகிறவள் நான். எந்த உடை வந்தாலும் உள்பக்கத்தைத் திருப்பித் தன் கழுத்தில் தேய்த்துப் பார்க்காமல் அவள் ஒரு வரி எழுதமாட்டாள். மதியத்துக்குள் கழுத்து சிவந்துவிடும்.

ஜரிகை ஜிப்பாவுக்கு இப்படி எழுதினாள்: 'உள்பக்கம் குத்தும், பருத்தி பனியன் மேல் அணிவிக்கவும். வயதைப் பார்க்காதீர்கள், பிள்ளையின் மார்பைச் சுற்றி அளந்து, உடை அதைவிட மூன்று அங்குலமாவது பெரிதா என்று பாருங்கள். கழுத்து சிறியது. இடது தோள் மடிப்புக்குள் இரண்டு பட்டன் உண்டு, கழற்றிவிட்டுப் போடவும்.' படித்தால் மருந்துச் சீட்டு போலத்தான் இருந்தது.

முதலாளி கொதித்துப்போனார். "துணி விக்கிறியா, ஊரைப் பயமுறுத்துறியா?"

அத்தனையும் அழித்துவிட்டு அவரே எழுதினார்: 'மேகம் போன்ற மென்மை. ஆறு வயதுக்கு ஆறாம் அளவு.' மாற்றித் தரும் விதி மட்டும் கறார்: லேபிளை வெட்டினாலோ கறை பட்டாலோ வேறு அளவு கிடையாது. உரசலை மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார். அவள் வீட்டில் சம்பளம் வருவது அவளுக்கு மட்டும்தான்.

மறுநாள் முதலாளியம்மா மகனோடு வந்து இறங்கினார். பையனுக்கு ஆறு வயது, நல்ல புஷ்டி. கைகள் இரண்டும் மேலே, தலை அந்த ஆறாம் அளவு ஜரிகை ஜிப்பாவுக்குள்ளே.

"ஏங்க, தல வெளிய வரமாட்டேங்குது!"

நான் கத்தரியை எடுத்தேன். முதலாளியம்மா அலறினார். "வெட்டாதம்மா! வெட்டினா எப்படி மாத்தித் தருவாங்க?"

"யாரு தரணும்? நான்தான்டி முதலாளி!"

"நீங்கதான அப்படி எழுதியிருக்கீங்க?"

"குத்துது!" என்று ஜிப்பா அழுதது.

உரசல் எழுந்து வந்தாள். இடது தோளைத் தடவி, மடிப்புக்குள் விரலை விட்டு இரண்டு பட்டனையும் கழற்றினாள். தலை வெளியே வந்தது. வந்த வேகத்தில் ஜரிகை மேலேயே பெரிய தும்மல்.

"லேபிள் அப்படியே இருக்கு. எட்டாம் சைஸ் குடும்மா," என்றார் முதலாளியம்மா.

உரசல் ஜிப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கறை பட்டிருக்கே மேடம். மாத்த முடியாது."

அவள் விளையாடவில்லை. நான்தான் சிரிப்பை அடக்கமுடியாமல் டேப் ரோலைக் கடித்துக்கொண்டேன். முதலாளி தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மகனின் சிவந்த கழுத்தைப் பார்த்தார்.

"நீ எழுதினது இருக்கா?"

"அழிச்சிட்டீங்களே சார்."

"மறுபடி எழுது. அடுத்த மாசமும் நீதான் எழுதணும்."

உரசல் எட்டாம் அளவு ஜிப்பாவை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். யாரும் சொல்லாமலே முதலாளி காலர் பட்டனைக் கழற்றிக் கழுத்தை நீட்டினார்.