மாமாவின் கேனும் என் பையிலிருந்த பாட்டிலும்

என் அக்கா வீட்டுக்காரர் மேல் எப்போதும் ஒரு புளிப்பு வாடை அடிக்கும். ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் அவர். கொதிக்கிற சாயத்தில் கேனிலிருந்து அசிடிக் ஆசிட் கொஞ்சம் விட்டால்தான் நிறம் நூலில் ஏறும். அந்த வாடை சட்டையை விட்டுப் போகாது.

நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுக்கிறேன். மாமா மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டுவார். நீட்டிக்கொண்டே என் புடவைக்கும் ஜாக்கெட்டுக்கும் நிறம் சேரவில்லை என்று குறை சொல்லுவார். அவர் கண்ணுக்கு எதுவும் சேராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று நீலப் புடவைக்கு வேறு ஏதோ ஒரு நீலத்தில் ஜாக்கெட் போட்டிருந்தேன். மாமா ஒன்றுமே சொல்லவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். ரிசல்ட்டைப் பார்த்தால் சர்க்கரை எகிறிக் கிடந்தது.

மாமா அலட்டிக்கொள்ளாமல் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

"இத்த குடிச்சா கொறைஞ்சிடும். ஆப்பிள் சிடர் வினிகர்னு போன்ல எல்லாரும் சொல்லிகினு கீறாங்க. அதுல கீறதும் அசிடிக் ஆசிட், நம்ம கேன்ல கீறதும் அசிடிக் ஆசிட். ஆப்பிள் இன்னாத்துக்கு?"

பாட்டிலைப் பிடுங்கினேன். "குடிச்சிட்டீங்களா மாமா?"

"இன்னும் இல்ல. உனுக்குக் காட்டிட்டுக் குடிக்கலாம்னு வந்தேன்."

"கடை வினிகர் நூறு பங்குல அஞ்சு பங்குதான் ஆசிட், மீதி தண்ணி. உங்க கேன் முக்காவாசிக்கு மேல ஆசிட். தொண்டையும் குடலும் வெந்துடும். அது வாயில வைக்கிற சரக்கே கிடையாது!"

"தண்ணி ஊத்திக் கலந்துதான் கீறேன். எனுக்கு அளவு தெரியாதா?" என்றார் ரோஷமாக. தொட்டியில் கண்ணளவில் ஊற்றுகிற மனிதர், தொண்டைக்கும் கண்ணளவுதான் வைத்திருந்தார். முழுவதையும் சிங்க்கில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"மாத்திரை போடுறீங்கதானே?"

"வயித்தப் பெரட்டுது, ஒரே பேஜார். நிறுத்தி மூணு வாரம் ஆவுது."

அவர் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் கெடத் தொடங்கியிருப்பதாகக் கண் டாக்டர் போன வருடமே எச்சரித்திருந்தார். இரண்டு சிவப்புக்கு நடுவே இருக்கும் மூன்றாவது சிவப்பைக் கண்டுபிடித்துப் பிழைக்கிறவர் அவர். கண் போனால் மாமாவுக்கு என்ன மிச்சம்? பயத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அந்த வினிகர் வேலையே செய்யாதா?" என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. "செய்யும், கொஞ்சூண்டு. அந்த ஆசிட் உள்ள போனா வயித்துலேர்ந்து சாப்பாடு மெதுவா எறங்கும். அதனால சோறு, இட்லி தின்னா சர்க்கரை சட்டுனு ஏறாது. தசையும் கொஞ்சம் கூடுதலா சர்க்கரையை இழுத்துக்கலாம்னு சொல்றாங்க, அது இன்னும் உறுதியா தெரியல. பத்துப் பேரு, இருபது பேருன்னு வச்சிகினு சில வாரம் பார்த்த சோதனைங்கதான் நிறைய. சிலதுல குறைஞ்சிருக்கு, சிலதுல ஒண்ணுமில்ல. மாத்திரைக்குப் பதிலா இது போதும்னு எதுலயும் வரல."

"இவ்ளோ விவரம் உனுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் கண் என் சாப்பாட்டுப் பைக்குப் போனது. டிபன் பாக்ஸ் பக்கத்தில் பாதி காலியான ஆப்பிள் சிடர் வினிகர் பாட்டில் தலை நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஊருக்கெல்லாம் சோதனை செய்கிறவளுக்கே சர்க்கரையா என்பார்களே என்று யாரிடமும் சொல்லாமல், டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கலந்து இட்லிக்கு முன்னால் குடித்துவந்தேன். அப்புறம் விரலைக் குத்திப் பார்ப்பேன். சில நாள் குறையும், சில நாள் அப்படியே இருக்கும். பல் கூசுவது மட்டும் தவறாது.

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. சிரித்து முடித்து அவரே சொன்னார்: "சாயம் போடாம ஆசிட்ட மட்டும் ஊத்துனா நூலு வெள்ளையாத்தான் நிக்கும். அப்ப மாத்திரைதான் சாயம்னு சொல்ற."

"அதேதான் மாமா."

அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வயிற்றைப் புரட்டாத மாத்திரையாக மாற்றி, சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார். மூன்று வாரமாகவே பார்வை மங்கலாக இருந்ததை மாமா அங்கேதான் ஒத்துக்கொண்டார். சர்க்கரை ஏறியதால் வந்த மங்கல், இறங்கினால் தெளியலாம் என்றார் டாக்டர். காலையில் என் ஜாக்கெட் ஏன் தப்பித்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த இரண்டு மாதமும் வேண்டுமென்றே அதே நீலத்தைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். முதல் மாதம் கையை நீட்டினார், போனார். இரண்டாவது மாதம் சர்க்கரை நன்றாகவே இறங்கியிருந்தது. ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி நின்று, கண்ணைச் சுருக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஜாக்கெட்டு பொடவையோட சேரவே இல்லியே. கடைக்காரன் உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

"ஆமாங்க மாமா," என்றேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.